கை தூக்கியவர்களுக்கு மட்டுமா வழிகாட்டி?

ஜூன், ஜூலை வந்தால் பி.காம். முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனிகளில் சேருகிறார்கள். முதல் வாரம் அறிமுகக் கூட்டம், அடையாள அட்டை, ஒரு டைரி. இரண்டாவது வாரம் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். "மென்ட்டரிங் திட்டத்தில் சேர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்." இருபது பேரில் நாலு பேர் பெயர் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்த நாலு பேரும் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார்கள். திட்டம் அமோக வெற்றி என்று பவர்பாயிண்டில் ஒரு பக்கம் ஏறும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெயர் கொடுக்கும் துணிச்சல் உள்ளவர், வழிகாட்டி இல்லாவிட்டாலும் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டே வேலையைக் கற்றுக்கொண்டிருப்பார். கேட்கக் கூச்சப்பட்டு, தப்பான வவுச்சரை மூன்று நாள் டிராயரில் வைத்திருப்பவர் தான் பெயர் கொடுக்காதவர். திட்டம் அவருக்காகத் தொடங்கியது, அவரைத் தவிர எல்லோரிடமும் போய்ச் சேருகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் விற்பனைக்கான ஒரு கால் சென்டரில் சாண்ட்விக், சவுமா, சீகர்ட், ஸ்டான்டன் என்ற நான்கு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களின் விருப்பத்தைக் கேட்காமலே குலுக்கல் முறையில் சிலருக்கு வழிகாட்டி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் முதலில் விருப்பம் கேட்டு, விரும்பியவர்களுக்குள் மட்டும் குலுக்கினார்கள். முதல் பிரிவில் வழிகாட்டி கிடைத்தவர்களின் தினசரி விற்பனை சுமார் 18 சதவீதம் கூடியது. இரண்டாவது பிரிவில் வழிகாட்டி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கால் சென்டரும் கணக்குப் பிரிவும் ஒன்றல்ல என்பது உண்மை தான். ஆனால் கேட்கக் கூச்சப்படும் ஆட்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

ஆகவே விருப்பம் கேட்கும் மெயிலை விட்டுவிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எப்படி? ஓர் உதாரணம். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 24 புதியவர்கள் சேருகிறார்கள். வேலை, சப்ளையர் அனுப்பும் பில்லைப் பர்ச்சேஸ் ஆர்டரோடும் சரக்கு வந்த சீட்டோடும் ஒப்பிட்டு, மூன்றும் பொருந்தினால் பணம் கொடுக்க அனுப்புவது.

முதலில் ஜோடி சேர்ப்பது. ஒரே விதி முக்கியம்: வழிகாட்டி அந்தப் புதியவரின் மேலதிகாரியாக இருக்கக்கூடாது. இன்கிரிமென்ட் போடுகிறவரிடம் "எனக்கு டி.டி.எஸ். புரியவில்லை" என்று யார் சொல்வார்கள்? அதே வேலையை நாலைந்து வருடம் செய்த, பக்கத்து டீம் ஆள் தான் சரி. இருபது வருட அனுபவம் உள்ளவருக்குப் புதிதாகச் சேர்ந்தபோது எது புரியவில்லை என்பதே மறந்து போயிருக்கும். ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், எனவே 12 வழிகாட்டிகள் போதும். நாலு வாரத்துக்குப் பிறகு காரணம் சொல்லாமலே ஜோடி மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கட்டும். பேசியது என்ன என்று ஹெச்.ஆர். கேட்கக்கூடாது, சந்தித்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். விவரம் மேலே போகும் என்று தெரிந்தால் அந்த முக்கால் மணி நேரமும் வானிலைப் பேச்சாகிவிடும்.

அடுத்தது அட்டவணை. முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த இரண்டு மாதம் மாதத்துக்கு இரண்டு முறை, கடைசி மூன்று மாதம் மாதம் ஒரு முறை. மொத்தம் 11 சந்திப்பு. ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால் ஒரு ஜோடிக்கு எட்டேகால் மணி நேரம். இரண்டு பேரைப் பார்க்கும் வழிகாட்டிக்கு ஆறு மாதத்தில் பதினாறரை மணி நேரம், அதாவது இரண்டு நாள் வேலை. இந்த இரண்டு நாளை அவருடைய வேலைக் கணக்கிலிருந்து முறைப்படி கழிக்க வேண்டும். "அப்படியே நடுவில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் மூன்றாவது சந்திப்போடு திட்டம் நின்றுபோகும். தேதிக் குறிப்பில் இடைவெளி விழ ஆரம்பிப்பது தான் அதன் முதல் அறிகுறி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில் புத்தகம் முடிக்கும் அவசரம். 7-ம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி என்றால் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. "ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை" என்று ஹெச்.ஆர். நாள் குறித்தால் அது நடக்கவே நடக்காது. இரண்டாவது மாதத்திலிருந்து 14-ம் தேதியும் 24-ம் தேதியும் என்று வைத்தால் நடக்கும்.

கடைசியாக, வெற்றியை எப்படி அளப்பது? "திட்டம் உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்ற படிவம் வேண்டாம். வேலை தருகிற கம்பெனி கேட்டால் எல்லோரும் பிடித்தது என்று தான் எழுதுவார்கள். போன வருட ஆட்களோடு ஒப்பிடுவதும் ஆபத்து. வெளியே வேலை கிடைக்காத வருடத்தில் வழிகாட்டி இல்லாவிட்டாலும் யாரும் விலக மாட்டார்கள்.

நேர்மையான வழி குலுக்கல். 24 பேரில் 12 பேருக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வழிகாட்டி, மற்ற 12 பேருக்கு மூன்று மாதம் கழித்து. எல்லோருக்கும் கிடைத்துவிடும், ஒப்பிடவும் முதல் மூன்று மாதம் கிடைக்கும். முதலில் கிடைத்தவர்கள் காத்திருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் உண்மையான பலனைவிடக் கொஞ்சம் குறைவாகவே தெரியும், பரவாயில்லை.

ஆனால் எதை எண்ணுவது என்பதில் தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று மாதத்தில் வழிகாட்டி உள்ள பக்கம் ஒருவரும், இல்லாத பக்கம் மூன்று பேரும் வேலையை விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "விலகல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது!" என்று கொட்டை எழுத்தில் போடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழிகாட்டியால் எந்தப் பலனும் இல்லை, அந்த நாலு பேர் எப்படியும் போகிறவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், குலுக்கலில் அவர்களில் மூன்று பேரோ நாலு பேருமோ இரண்டாவது பக்கத்தில் விழும் வாய்ப்பு பத்துக்கு மூன்று. 24 பேரை வைத்து விலகலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று நான்கு வருடக் கணக்கைச் சேர்த்த பிறகே பேச வேண்டும்.

அதுவரை எண்ணத் தகுந்தவை இரண்டு. ஒருவர் பார்த்த நூறு பில்களில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்பி வந்தன? யாரும் மறுபடி சரிபார்க்கத் தேவையில்லை என்ற நிலையை எத்தனையாவது வாரத்தில் எட்டினார்? ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கில் பில் பார்ப்பதால் இந்த எண்கள் ஒரே ஒரு ஆளின் அதிர்ஷ்டத்தால் ஆடிவிடாது. இரண்டு பக்கத்துச் சராசரியை மட்டும் பார்க்காமல், கடைசியில் இருக்கும் நாலு பேரையும் பார்க்க வேண்டும். பெயர் கொடுக்காமல் ஒதுங்கியிருக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் அங்கே தான் இருப்பார்கள். அவர்கள் மேலே வந்திருந்தால் திட்டத்தைத் தொடரலாம். முன்பே நன்றாகச் செய்தவர்கள் இன்னும் நன்றாகச் செய்கிறார்கள் என்பது மட்டும் தான் பலன் என்றால், ஜோடி சேர்த்ததிலோ அட்டவணையிலோ எங்கேயோ தப்பு இருக்கிறது.