கட்டண அட்டவணை முழுதாக வேண்டும்



மகளின் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக ஒரு தனியார் பள்ளியில் துண்டறிக்கை வாங்கினேன். கல்விக் கட்டணம் 28,000 ரூபாய் என்று அட்டவணையில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ‘இதர கட்டணங்கள் தனி’. புத்தகம், சீருடை, வேன் எல்லாம் சேர்த்தபோது தொகை 47,500 ஆனது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் இருந்தது. இரண்டாம் தவணை எப்போது என்று இல்லை. வயதுத் தகுதியும் ‘3 வயது நிறைவு’ என்பதோடு சரி. எந்தத் தேதியில் நிறைய வேண்டும்? 2024-25இல் 25 சதவீத இலவச இடங்களுக்கு, 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று அரசு அறிவித்ததைப் போல எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த தொகையையும் பள்ளிகள் அதே அட்டவணையில் அச்சிட வேண்டுகிறேன்.

ஒரு தாய், திருச்சி