பிரியாணி 360... பில்லு 382!

வெள்ளிக்கிழமை ராத்திரி, அண்ணாமலை நகர் ஹாஸ்டல் ரூம். மெஸ்ல உப்புமாங்கிற தகவல் கசிஞ்ச அடுத்த நிமிஷமே செல்போனை எடுத்தாச்சு. ரெண்டு சிக்கன் பிரியாணி. 20 சதவிகிதம் தள்ளுபடின்னு பச்சை கலர்ல பளிச்சுனு ஒரு வரி. 'மச்சி, 72 ரூபா மிச்சம்டா!'ன்னு ஆளாளுக்கு கைகுலுக்கினோம். பிரியாணி விலை 360. தள்ளுபடி போக நாங்க கட்டினது 382 ரூபா 40 காசு. எங்கேயோ இடிக்குதுல்ல?

அந்த பில்லை அப்படியே பிரிச்சுப் பார்ப்போம், வாங்க. அது ஒரே பில் மாதிரி தெரியும். ஆனா உள்ளே மூணு பேர் காசு வாங்குறாங்க. ஹோட்டல்காரர், கொண்டு வந்து தர்ற சேவை, நடுவுல இருக்குற ஆப்.

முதல்ல ஹோட்டல். 360-ல தள்ளுபடி 72 போனா 288. பேக்கிங் சார்ஜ் டப்பாவுக்கு 10 வீதம் 20. ஆக 308. பேக்கிங்கும் சாப்பாட்டோட சேர்ந்ததுதான், அதனால ரெண்டுக்கும் சேர்த்து 5 சதவிகித ஜி.எஸ்.டி. 15 ரூபா 40 காசு. ஹோட்டல் தர்ற தள்ளுபடி பில்லுலயே இருந்தா, அதைக் கழிச்ச பிறகுதான் வரி போடணும். 380-க்கு வரி போட்டு 19 ரூபா வாங்கியிருந்தா கேள்வி கேட்கலாம்.

அடுத்து டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் ஃபீஸ் 15. இந்த 50-க்கு வரி 5 இல்லை பாஸ், 18 சதவிகிதம்! 9 ரூபா. பிளாட்ஃபார்ம் ஃபீஸ்ங்கிறது 2023-ல ஸ்விக்கியும் ஸொமாட்டோவும் 2 ரூபாயில ஆரம்பிச்ச சமாசாரம். 2024 தீபாவளி சீசன்ல 10 ரூபாயைத் தொட்டுடுச்சு. டெலிவரிக்கும் 18 சதவிகித வரியை ஆப் கம்பெனியே கட்டணும்ங்கிற விதி 2025 செப்டம்பர் 22-ல இருந்து வந்தது.

ஆக மொத்த வரி 24 ரூபா 40 காசு. பில்லுல இது 'வரிகளும் கட்டணங்களும்'னு ஒரே வரியில சுருண்டு படுத்திருக்கும். அதைத் தொட்டா விரியும். 5 எதுக்கு, 18 எதுக்குன்னு பிரிச்சுப் பார்த்தாத்தான் கணக்கு டேலி ஆகும். மொத்தத்துக்கும் ஒரே சதவிகிதம் போட்டுப் பார்த்தா ஜென்மத்துக்கும் வராது. நான் அப்படித்தான் அரைமணி நேரம் கால்குலேட்டரோட மல்லுக்கட்டினேன். இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு வெளியில சொல்லிடாதீங்க!

ரூம்மேட் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். அவன் ஒரு சந்தேகம் கேட்டான். 'எங்க வீட்டுப் பக்கத்துக் கடையில பார்சல் வாங்கினா வரியே கிடையாது. அதே கடையில ஆப் வழியா வாங்கினா 5 சதவிகிதம் போடுறாங்களே, ஏமாத்துறாங்களா?'

இல்லை. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் பண்ற ஹோட்டல் ஜி.எஸ்.டி. பதிவே பண்ண வேண்டாம். காம்போசிஷன் திட்டத்துல இருக்குற கடையும் நம்மகிட்ட வரின்னு தனியா வாங்கக் கூடாது. ஆனா 2022 ஜனவரி 1-ல இருந்து, ஆப் வழியா விக்கிற ஹோட்டல் சாப்பாட்டுக்கு வரியைக் கட்ட வேண்டியது ஆப் கம்பெனி. கடை சின்னதா பெருசாங்கிறது அங்கே கணக்கில்லை. அதனால அந்த 5 சதவிகிதம் சட்டப்படியானதுதான்.

சட்டம் கேட்காத இடம் வேற ஒண்ணு இருக்கு. மறுநாள் அந்தப் பிரியாணிக் கடைக்கே நேர்ல போனேன். கல்லாவுக்குப் பின்னாடி இருந்த விலைப் பலகையில சிக்கன் பிரியாணி 150! ஆப்ல 180. அண்ணன்கிட்ட கேட்டா, 'கமிஷன் போகுதுல்ல தம்பி'ன்னார், கரண்டியைக் கீழே வைக்காமலே. அவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை. ஆனா நாங்க கைகுலுக்கிக் கொண்டாடின 72-ல 60 ரூபா, முன்னாடியே விலையில ஏத்தி வெச்சதுதான். உண்மையான தள்ளுபடி 12 ரூபா!

இன்னொரு கணக்கு. ரெண்டுல ஒரு பிரியாணி வராமப் போச்சுன்னா எவ்வளவு திருப்பிக் கேட்பீங்க? 180-ன்னு சண்டைக்குப் போகாதீங்க. நீங்க அதுக்குக் கொடுத்தது தள்ளுபடி போக 144, டப்பாவுக்கு 10, வரி 7 ரூபா 70 காசு. ஆக 161 ரூபா 70 காசு. வெறும் 144-ஐ மட்டும் திருப்பி அனுப்பினா, டப்பா காசையும் வரியையும் கணக்கோட எழுதிக் கேளுங்க. ஆர்டர் ஹிஸ்டரியில பில்லை டவுன்லோட் பண்ணிக்கலாம், அதையும் சேர்த்து அனுப்புங்க.

மீதி 220 ரூபா 70 காசு, வந்து சேர்ந்த ஒத்தப் பிரியாணிக்கு. அதுல 59 ரூபா டெலிவரி, பிளாட்ஃபார்ம், அதுங்களோட வரி. ஒரு பிரியாணி வாங்கினாலும் ரெண்டு வாங்கினாலும் இந்த 59 மாறலை. பக்கத்து ரூம்காரன் தனியா ஆர்டர் போடுறதுக்குள்ள ஓடிப்போய் கதவைத் தட்டுங்க!