“எனக்கு ஒண்டும் தெரியா” என்பது அடக்கமல்ல



இந்தப் பதிவு ஊரில் சிலருக்குக் கசக்கும். முதலில் கசக்க வேண்டியது எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குத்தான். எனவே வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எமது பிள்ளைகள் படிக்கிறார்கள், சோதனை பாஸ் பண்ணுகிறார்கள், நேர்முகப் பரீட்சையிலும் தெரிவாகிறார்கள். பலாபத்வலச் சந்தியில் விடியற்காலை பஸ் ஏறி மாத்தளைக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் வேலையின் முதல் நாள், “உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டதும், அந்த அரை நிமிடத்தில் தடுமாறிவிடுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தின் விலையை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

எம்மிடம் படித்த இருவரின் கதையைச் சொல்கிறோம். ஆட்களும் இடங்களும் பெயரில்லாமலே இருக்கட்டும்.

முதலாமவர் ஒரு பெண் பிள்ளை. கணக்கியல் டிப்ளோமா முடித்தவர். படிக்கும்போதே மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடையொன்றில் இரண்டு வருடம் காசேடும் கடன் கணக்கும் எழுதியவர். கண்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஆறு பேருடன் சேர்ந்தார். முதல் நாள் அறிமுகம் கேட்டார்கள். மெதுவாகப் பெயரைச் சொன்னார், விளங்கவில்லை என்றார்கள், மறுபடி சொன்னார். பிறகு, “எனக்கு இன்னும் ஒண்டும் தெரியா, போகப் போகப் பழகிக்கொள்கிறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அதை நம்பினார்கள். மூன்று மாதம் போட்டோ கொப்பியும் கோப்பு அடுக்குவதும்தான் வேலை. அதே நாள் சேர்ந்த இன்னொருவருக்குப் பேரேடு கொடுக்கப்பட்டது.

இரண்டாமவர் ஓர் ஆண் பிள்ளை. கொழும்பில் வேலை. அவர் பேசினார், இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினார். உயர்தரத்தில் எடுத்த பெறுபேறு, மாணவர் தலைவராக இருந்தது, விவாதப் போட்டிக் கிண்ணம், “நான் கடின உழைப்பாளி, எந்தச் சூழலுக்கும் பொருந்துவேன்” எல்லாம் வந்தது. எதிரே இருந்தவர்களில் பதினைந்து வருடம் அதே மேசையில் வேலை செய்பவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் கணினியில் ஒரு சின்ன விடயம் தெரியாமல் போய்க் கேட்டபோது பதில் வந்தது: “நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே.” அதற்குப் பிறகு கேட்கவே பயம். கேட்காததால் பிழைகள். பிழைகளால் கெட்ட பெயர்.

ஒருவருக்கு வெட்கம், மற்றவருக்குப் பெருமை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். அது சரியல்ல. இருவருக்கும் இருந்தது ஒரே குறைதான். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று இருவருக்கும் தெரியாது. முதல் நாள் கூட்டம் இன்னொரு நேர்முகப் பரீட்சை அல்ல. உங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விடயம்: உங்களை எப்படிக் கூப்பிடுவது, எந்த வேலையை உங்களிடம் தரலாம், எதில் உங்களுக்குக் கைகொடுக்க வேண்டும். அந்தப் பெண் இரண்டாவதை மறைத்தார், அந்தப் பையன் மூன்றாவதை மறைத்தார்.

இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். ஆரம்ப வகுப்பில் “நான்” என்று பத்து வசனம் எழுத வைக்கிறோம். பெயர், வயது, வாப்பா, உம்மா, பாடசாலை, விருப்பமான பழம், விருப்பமான நிறம். பாடமாக்கி ஒப்புவித்தால் முழுப் புள்ளி. பிள்ளைக்கு இருபத்திமூன்று வயதானாலும் கையில் இருப்பது அந்தப் பத்து வசனம்தான். சிலர் பழத்தை எடுத்துவிட்டுச் சான்றிதழைப் போடுகிறார்கள். சிலர் அதையும் மறந்துவிட்டு நிலத்தைப் பார்க்கிறார்கள்.

நாமும் தப்பவில்லை. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சிக்கு ஒரு பாடசாலைக்குப் போனோம். காலை 7.30க்கு முன் வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டு, ஆசிரியர் அறையில் எழுந்து நின்று என்ன சொன்னோம் தெரியுமா? “கல்லூரியில் புதிய கற்பித்தல் முறைகள் படித்திருக்கிறோம், அவற்றை இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.” எம் மனதில் அது ஆர்வம். கேட்டுக்கொண்டிருந்த மூத்த ஆசிரியைக்கு அது, “நீங்கள் செய்வது பழசு” என்று கேட்டது. ஒரு மாதம் அவர் எம்முடன் சலாத்தைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நாம் பெருமையடிக்கவில்லைதான். ஆனால் அந்த இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டுவிட்டோம். பெருமையைவிட அது அதிகம் குத்தும்.

சரி, என்னதான் சொல்ல வேண்டும்? அந்தப் பெண் பிள்ளையோடு பிறகு உட்கார்ந்து எழுதியது இது. அடுத்த பிரிவுக்கு மாறியபோது இதைச் சொன்னார்:

“என் பெயர் இன்னது, சுருக்கமாக இப்படிக் கூப்பிட்டால் போதும். ஊர் மாத்தளைப் பக்கம், பலாபத்வல. இன்று முதல் கொடுப்பனவுப் பகுதியில் வேலை செய்கிறேன். முன்பு ஒரு வாசனைத் திரவியக் கடையில் இரண்டு வருடம் காசேடு எழுதினேன், மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் செய்தேன். இங்குள்ள மென்பொருளில் இதுவரை வேலை செய்ததில்லை, இந்த வாரம் பழக வேண்டும். அதற்கு யாரிடம் கேட்கலாம்?”

சாதாரணமாகப் பேசினால் அரை நிமிடம். இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லாவது இருக்கிறதா பாருங்கள். “திறமை”, “அனுபவம் மிக்க”, “சிறப்பாக” ஒன்றும் இல்லை. என்ன செய்தேன், எங்கே, எவ்வளவு காலம் என்பது மட்டும். பெருமைக்கும் தகவலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். “நான் கணக்கில் கெட்டிக்காரி” என்பது தீர்ப்பு, அதை மற்றவர்கள்தான் தர வேண்டும். “இரண்டு வருடம் காசேடு எழுதினேன்” என்பது செய்தி, அதை நீங்கள்தான் தர முடியும். வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். செய்த வேலையைச் சொல்லும் வசனத்தை விடுங்கள், உங்களைப் பற்றிய தீர்ப்பாக வரும் வசனத்தை வெட்டுங்கள்.

தெரியாததைச் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். “ஒண்டும் தெரியா” என்று முழுக் கதவையும் மூடவில்லை. ஒரு மென்பொருளை மட்டும் பெயர் சொல்லி, எப்போது பழகுவேன் என்றும் சொல்லி, கேள்வியோடு முடித்தார். கேள்வியில் முடிப்பதில் ஒரு பலன் உண்டு. யாரோ ஒருவர், “என்கிட்ட வாங்க” என்று சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்திலேயே ஓர் ஆள் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறார்.

பெயர் விடயத்தில் எம்மவர்கள் தனியாகக் கவனம் எடுக்க வேண்டும். மூன்று முதலெழுத்து, அதன் பிறகு இரண்டு அரபுப் பெயர். சிங்களச் சகோதரர்கள் நிறைந்த இடத்தில் அதை ஒரே மூச்சில் சொன்னால் ஒருவருக்கும் பிடிபடாது. பிடிபடாத பெயரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட முடியாதவரிடம் வேலை கேட்கவும் மாட்டார்கள். கூப்பிடும் பெயர் ஒன்றை நீங்களே தெரிவு செய்து, நிறுத்திச் சொல்லுங்கள். மற்ற வசனங்களில் குரல் தாழ்ந்தாலும் பெயரில் தாழக் கூடாது.

சிங்களம் முழுதாக வராவிட்டால் அதை மறைப்பதும் ஆபத்து. விளங்காமலே தலையாட்டி, பிழையான வேலையைச் செய்து கொடுத்தவர்கள் எமக்குள் எத்தனை பேர்! “மட்ட சிங்கள டிக்கக் புளுவன், வெரதுனொத் ஹதன்ன” என்று சொல்லுங்கள். கொஞ்சம் தெரியும், பிழைத்தால் திருத்துங்கள் என்பதுதான் அது. அதைச் சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு உதவுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கைகொடுக்க நீட்டுவார்களோ என்ற பயத்தில் சிலர் மூலைக்கு ஒதுங்குகிறார்கள். ஒதுங்கினால் திமிர் என்று நினைப்பார்கள். எதிரே ஆள் வரும்போதே முந்திக்கொண்டு கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு பெயரைச் சொல்லிவிடுங்கள். நீட்டுவதற்கு முன்பே மரியாதை முடிந்துவிடும். தொழுகை நேரம், ஜும்ஆ பற்றிய பேச்சைக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அதே நாள் பொறுப்பாளரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

மேலதிகாரியே எழுந்து, “இவர் பெரிய கெட்டிக்காரர்” என்று உங்களைத் தூக்கிவிட்டால்? பதறி, “இல்லை இல்லை” என்று மறுக்காதீர்கள், அவரைப் பொய்யராக்கும். ஏற்றுக்கொண்டும் நிற்காதீர்கள். “நன்றி சேர்” என்று சொல்லிவிட்டு நேரே செய்த வேலைக்குப் போங்கள். அவர் சொன்ன பெரிய சொல் சிறிய உண்மையாக இறங்கிவிடும். இந்த அரை நிமிடம் எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னால் ஒரு வாரத்தில் அவிழ்ந்துவிடும். அதனால்தான் உண்மை மட்டும்.

இப்போது கருத்துப் பகுதியில் என்ன வரும் என்று எமக்குத் தெரியும். “தன்னைப் பற்றிப் பேசுவது பெருமை, அடக்கமே எமது பண்பு.” அப்படியானால் சூரா யூசுபைத் திறந்து பாருங்கள். சிறையிலிருந்து வந்த யூசுப் அலைஹிஸ்ஸலாம் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மைப் பற்றி இரண்டு விடயம் சொன்னார்கள்: காப்பவன், அறிந்தவன். களஞ்சியத்துக்குத் தேவை அந்த இரண்டும்தான். நபியின் மகன் என்ற வம்சத்தைச் சொல்லவில்லை. அழகைச் சொல்லவில்லை. பட்ட கஷ்டத்தைச் சொல்லவில்லை. “எனக்கு ஒன்றும் தெரியாது” என்றும் சொல்லவில்லை. மூஸா அலைஹிஸ்ஸலாமோ தம் சகோதரர் ஹாரூன் தம்மைவிடப் பேச்சுத் தெளிவுள்ளவர் என்று சொல்லி, அவரைத் துணைக்குக் கேட்டார்கள். குறையைச் சொல்வதும் உதவி கேட்பதும் ஒரே மூச்சில்! இதைப் படித்துக்கொடுக்கும் நாம், தெரிந்ததை மறைப்பதை அடக்கம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கினால் அது யாருடைய பாடம்?

கடைசியாக, உம்மா வாப்பாமாருக்கு. வீட்டுக்கு வந்தவர் பிள்ளையைப் பார்த்து, “பேர் என்ன? எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்கிறார். பிள்ளை வாய் திறக்கும் முன் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அல்லது, “அவன் வெட்கப்படுவான்” என்கிறீர்கள். அல்லது புலமைப்பரிசில் புள்ளியை நீங்களே அறிவிக்கிறீர்கள். ஊமையும் அங்கேதான் உருவாகிறது, பெருமையும் அங்கேதான் உருவாகிறது. பத்து செக்கன் பொறுங்கள். பிள்ளை சொல்லட்டும்.

எமது வகுப்பில் இந்தத் தவணையிலிருந்து “நான்” என்ற பத்து வசனம் இல்லை. எழுந்து நின்று நான்கு வசனம் மட்டும்: என்னை இப்படிக் கூப்பிடுங்கள், இதைச் செய்திருக்கிறேன், இது இன்னும் வராது, யார் காட்டித் தருவீர்கள்? போன வாரம் எப்போதும் பின்வரிசையில் இருக்கும் ஒரு சிறுவன் எழுந்து, “நான் வாப்பாவோட சேர்ந்து மிளகு காயவெச்சு நிறுத்துப் போடுவேன், பெருக்கல் இன்னும் வராது, யார் காட்டித் தருவீங்க?” என்றான். மூன்று கைகள் உயர்ந்தன.