மடிப்பில் மறைந்த மைனஸ்

திருப்புதல் தேர்வு நெருங்கிவிட்டால் என் வாட்ஸ்அப்பில் கணக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சென்ற வாரம் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் அனுப்பியது ஆயத்தொலை வடிவியல் கணக்கு. கட்டிலில் விரித்துப் போட்ட வினாத்தாளைச் சாய்வாக நின்று எடுத்த படம். நடுவில் ஒரு மடிப்பு, அதன்மேல் கைப்பேசியின் நிழல். கீழே அவள் கேள்வி: “சித்தி, k பத்துன்னு வருது. சரியா?”

கணக்கு இதுதான். A, B, C என்று மூன்று புள்ளிகள். B(4, 5), C(k, 2). AB-யும் BC-யும் ஒன்றுக்கொன்று செங்குத்து எனில் k என்ன? A-யை அவள் (2, 1) என்று எடுத்துக்கொண்டிருந்தாள். AB-யின் சாய்வு 4/2, அதாவது 2. செங்குத்து என்றால் சாய்வுகளின் பெருக்கல் −1 ஆக வேண்டும். ஆகவே BC-யின் சாய்வு −1/2. BC-யில் உயரம் 5-லிருந்து 2-க்கு இறங்குகிறது, எனவே −3/(k − 4) = −1/2. k = 10. ஒவ்வொரு வரியும் சரி. விடையும் முழு எண்ணாக, சந்தேகத்துக்கு இடம் தராமல் வந்திருக்கிறது.

ஆனால் படத்தில் வினாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வரைபடமும் இருந்தது. அதில் A என்ற புள்ளி y அச்சுக்கு இடப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் இருக்கும் புள்ளிக்கு x மதிப்பு 2 ஆக இருக்க வழியே இல்லை. வினாத்தாளில் அச்சாகியிருந்தது A(−2, 1). அந்தச் சின்னக் கோடு சரியாக மடிப்பின் நிழலில் விழுந்து மறைந்திருக்கிறது.

−2 என்று வைத்துக்கொண்டால் AB பக்கவாட்டில் 6 நகர்ந்து, 4 ஏறுகிறது. சாய்வு 2/3. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −3/2. −3/(k − 4) = −3/2 என்றால் k = 6.

விடையைத் திரும்பப் பொருத்திச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த வகைத் தவறை அது காட்டிக்கொடுக்காது. 10-ஐப் பொருத்தினாலும், அவள் படித்த புள்ளிகளுக்குப் பெருக்கல் −1 என்றுதான் வரும். கணக்கு சரி, கணக்குக்குள் போன எண்தான் தவறு. அதைக் கண்டுபிடிக்க வரைபடத்திடம்தான் போக வேண்டும்: புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது, கோடு இடமிருந்து வலமாகப் போகும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

அதற்கு மேல் படத்தை நம்பக் கூடாது. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது. இணைகோடுகள்கூட தூரத்தில் நெருங்குவதுபோல் தெரியும். கேமரா நேராக இருந்தாலும், வரைபடத்தில் x அச்சுக்கு ஓர் அளவும் y அச்சுக்கு வேறோர் அளவும் எடுத்திருந்தால் அச்சுகளுக்கு இணையாக இல்லாத செங்குத்துக் கோடுகள் கண்ணுக்குக் கோணலாகவே இருக்கும். அச்சுகளில் உள்ள எண்களை வைத்து ஒரு புள்ளியின் இடத்தைப் படத்திலிருந்து எடுக்கலாம். கோணத்தை எடுக்க முடியாது.

அடுத்த உட்பிரிவில்தான் அவள் நின்றுவிட்டிருந்தாள். P(3, −1), Q(3, 4) வழியாக ஒரு கோடு. R(−2, k), S(5, 2) வழியாக இன்னொன்று. இரண்டும் செங்குத்து எனில் k காண்க. படத்தில் PQ கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து தெரிந்தது, அது கேமராவின் வேலை. இரண்டு புள்ளிகளுக்கும் x மதிப்பு 3 என்றால் கோடு y அச்சுக்கு இணையாக நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அவள் சாய்வை 5/0 என்று எழுதி, அதை 0 என்று ஆக்கி, 0 × m = −1 என்று வைத்து, “விடையே இல்லைன்னு வருது” என்றாள். 5/0 என்பது 0 அல்ல. சாய்வு 0 என்பது படுத்திருக்கும் கோட்டுக்கு உரியது. நிமிர்ந்த கோட்டுக்குச் சாய்வு என்ற எண்ணே கிடையாது, ஏனெனில் 0-ஆல் பெருக்கி 5 வரும்படி ஓர் எண் இல்லை. சிலர் முடிவிலி என்று எழுதிவிட்டு, முடிவிலியை 0-ஆல் பெருக்கினால் −1 என்று முடிக்கிறார்கள். அதுவும் பொருளற்றது.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 5 ஏறும் ஒரு கோடு பக்கவாட்டில் 0.1 மட்டும் வலப்பக்கம் நகர்ந்தால் சாய்வு 50. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −1/50. 0.01 நகர்ந்தால் 500, துணைக்கோடு −1/500. கோடு நிமிர நிமிர ஒரு சாய்வு மலையாக வளர்கிறது, மற்றது 0-ஐ நெருங்குகிறது. பெருக்கல் மட்டும் −1-லேயே நிற்கிறது. இடப்பக்கமிருந்து நிமிர்ந்து வந்தால் அதே எண்கள் −50, −500 என்று எதிர்ப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே நிமிர்ந்து நிற்கும் அந்த ஒரு நிலைக்குப் பொருத்தமான சாய்வை எந்தப் பக்கமிருந்தும் கொடுக்க முடிவதில்லை. செங்குத்து என்ற உறவு அங்கேயும் பத்திரமாக இருக்கிறது. முறிந்தது நம் வாய்பாடு மட்டும்.

அந்த −1 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தச் சிக்கலே எழாது. காகிதத்தில் ஒரு செங்கோண முக்கோணத்தை வெட்டிக்கொள்ளுங்கள்: அடிப்பக்கம் 6, உயரம் 4, கர்ணம்தான் நம் AB. இதைக் கடிகாரச் சுற்றில் கால் வட்டம் திருப்பினால் 4 அடிப்பக்கமாகிறது, 6 கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே புதிய கர்ணம் 4 நகர்ந்து 6 இறங்கும்; பாதியாக்கினால் 2 நகர்ந்து 3 இறங்கும். B(4, 5)-லிருந்து அப்படிப் போனால் நேராக (6, 2)-இல் போய் நிற்கிறோம். நகர்வும் ஏற்றமும் இடம் மாறுகின்றன, ஒன்றின் குறி மாறுகிறது. செங்குத்து என்பது இவ்வளவே. PQ-வில் நகர்வு 0, ஏற்றம் 5. திருப்பினால் நகர்வு 5, ஏற்றம் 0, அதாவது படுத்த கோடு. எங்கும் எதையும் வகுக்கவில்லை.

அதனால் வகுப்பதைத் தள்ளிப் போடு என்று அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நகர்வு, ஏற்றம் இரண்டையும் தனித்தனியே எழுதி வை. நகர்வுகளைப் பெருக்கு, ஏற்றங்களைப் பெருக்கு, இரண்டையும் கூட்டு. 0 வந்தால் செங்குத்து. AB, BC-க்கு 6 × 2 + 4 × (−3) = 0. PQ, RS-க்கு 0 × 7 + 5 × (2 − k) = 0, ஆகவே k = 2. RS படுத்திருக்கிறது. விடைத்தாளில் இதை ஆசிரியர் ஏற்பாரா என்று அவளுக்குக் கவலை. நிமிர்ந்த கோடு என்று கண்டதும் “PQ-வின் சாய்வை வரையறுக்க இயலாது; அது y அச்சுக்கு இணை; எனவே RS x அச்சுக்கு இணை; k = 2” என்று எழுதிவிடச் சொன்னேன். பாடப்புத்தக வழியும் இதுதான்.

இணைகோடுகளுக்கும் இதே முறைதான். ஒன்றின் நகர்வை மற்றதன் ஏற்றத்தோடு குறுக்காகப் பெருக்க, இரண்டு பெருக்கலும் சமமாக வேண்டும். (k, 2), (−5, 7) வழியாகச் செல்லும் கோடு PQ-வுக்கு இணை என்றால் 0 × 5 = 5 × (−5 − k), k = −5. ஆனால் சமமாக வந்ததும் இணை என்று எழுதிவிடாமல் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிகள் (3, 2), (3, 7) என்று இருந்தாலும் பெருக்கல் சமமாகவே வரும், ஆனால் அது PQ கிடக்கும் அதே கோடு. ஒரு கோட்டின் புள்ளி மற்றதன் மேல் விழுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் தெரிந்துவிடும். −5-இல் நிற்கும் கோடு 3-இல் நிற்கும் கோட்டைத் தொடவில்லை, இவை இணைகோடுகள்தாம்.