‘கரிக்கிறது’ என்றார், ‘கரித்தது’ என்று வந்தது

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் உள்ள பெருமாட்டி, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பஞ்சாயத்து. அதற்குட்பட்ட பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, தண்ணீர் கெட்டது என்று சொல்லி 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். உலகமெங்கிலுமிருந்து நிருபர்கள் வந்தார்கள். தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்த ஆங்கிலம் மறுபடி தமிழாகி நம் பத்திரிகைகளுக்கு வந்தது. வம்பு இந்த இரண்டாவது பயணத்தில்தான்.

கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண் நிருபரிடம், “தண்ணி உப்புக் கரிக்குதுங்க” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில இலக்கணப்படி, ‘செட்’ என்ற இறந்தகால வினைக்குப் பின்னால் வரும் கூற்றும் ஒரு படி பின்வாங்க வேண்டும். ‘இஸ்’ என்பது ‘வாஸ்’ ஆகும்; ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். ஆகவே நிருபர் ‘ஷி செட் தி வாட்டர் வாஸ் சால்ட்டி’ என்று எழுதுவார். ஆங்கிலம் படிப்பவருக்குக் குழப்பமில்லை. அவள் பேசிய நேரத்தில் தண்ணீர் உப்பு என்று புரிந்துகொள்வார்.

இதையே அவசரத்தில் தமிழாக்குபவர், ‘தண்ணீர் உப்புக் கரித்தது என்றார்’ என்று எழுதிவிடுகிறார். சொல்லுக்குச் சொல் சரி, செய்தி தப்பு. தமிழில் ‘என்று’ என்பதற்கு முன்னால் நிற்கும் வினையின் காலம், பேசியவர் வாயிலிருந்து வந்த காலம்தான். ‘கரித்தது’ என்றால், அவர் பேசுவதற்கு முன்பு எப்போதோ கரித்தது, இப்போது சரியாகிவிட்டது போலும் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். நிவாரணம் கேட்டவரின் வாக்குமூலம், ஓர் இடைநிலையில், பழைய கதையாகிவிடுகிறது. ‘கரிக்கிறது என்றார்’ என்பதே சரி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எதிர்மாறான தவறு நேர்கிறது. எல்லாவற்றையும் ஒரு படி பின்தள்ளும் பள்ளிக்கூடப் பழக்கம். ‘கம்பெனி 2000இல் வந்தது என்றார்’ என்பதில் வருடமே காலத்தைச் சொல்லிவிடுகிறது. ‘கேம்’ என்பதை ‘ஹேட் கம்’ ஆக்கத் தேவையில்லை. ‘மழை பெய்திருந்தால் கிணறு நிறைந்திருக்கும்’ என்ற நடக்காத நிபந்தனையையும் தொடவேண்டாம். அது ஏற்கெனவே பின்வாங்க இடமில்லாத வாக்கியம். ‘செட்’ என்பதற்குப் பதில் ‘செய்ஸ்’ என்று நிகழ்காலத்தில் தொடங்கினால், எதையுமே மாற்ற வேண்டியதில்லை. தலைப்புகளில் நிகழ்காலத்தை விரும்பும் ஆசிரியர்களுக்கு இது ஒரு வசதி.

இன்னும் உண்மையாக இருப்பதைச் சொல்லும்போது ஆங்கிலம் இரண்டு வழியும் திறந்து வைத்திருக்கிறது. ‘இஸ்’ என்றே விடலாம், ‘வாஸ்’ என்றும் எழுதலாம். இது இலக்கண விவகாரம் மட்டுமல்ல. பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததில் எழுந்த வழக்கில், 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் சமூகம் முழுவதற்கும் உரியது என்பது அதன் சாரம். அதை அடுத்த நாள் ஆங்கிலத்தில் எழுதும் நிருபர் ‘பிலாங்ஸ்’ என்று நிகழ்காலத்தில் விட்டால், அக்கருத்து இன்று செல்லுபடியாகும் சட்டம் என்று தானும் சேர்ந்து சொல்கிறார். ‘பிலாங்டு’ என்றால், அப்படித் தீர்ப்பு சொன்னது என்பதோடு நின்றுகொள்கிறார்.

2005இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஏற்காமல், ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அதற்குப் பிறகும் 2003 தீர்ப்பைப் பற்றி ‘பிலாங்ஸ்’ என்று எழுதுபவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார். இங்கே பின்வாங்குவதுதான் நேர்மை. தமிழிலோ ‘உரியது’ என்பதில் காலமே இல்லை. இந்தச் சங்கடத்தை நம் வினைக்குறிப்பு விழுங்கிவிடுகிறது. அதனால், ‘2003இல் தீர்ப்பளித்தது’, ‘2005இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறுவிதமாகச் சொன்னது’ என்று வருடத்தோடு எழுத வேண்டியது தமிழ் நிருபரின் பொறுப்பாகிறது.

இதே சங்கடம் வழக்கின் கடைசிக் கட்டத்திலும் வந்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்ற அந்த ஆலையைத் திரும்பத் தொடங்கும் எண்ணம் தனக்கில்லை என்று கம்பெனி 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆங்கிலச் செய்தியில் அது ‘ஹேட் நோ இன்டென்ஷன்’ என்றிருந்தால், ‘எண்ணம் இருக்கவில்லை’ என்று பெயர்க்கும் கை சற்று நிற்க வேண்டும். அப்படி எழுதினால், அன்றைக்கு எண்ணம் இல்லை, பிறகு வந்திருக்கலாம் என்று தொனிக்கும். கம்பெனி சொன்னது ‘எண்ணம் இல்லை’ என்பது மட்டுமே.