சொல்லுக்கு ஒரே பூர்வீகம்தானா?

சொற்பட்டியலை மூலமொழி வாரியாகப் பிரித்து அடுக்குவது பழைய வழக்கம். மலையாளத்துக்கோ தமிழுக்கோ அப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், போர்த்துகீசியம், டச்சு என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஏதாவது ஒரு தலைப்பின்கீழ் வைத்துவிடுகிறார்கள். கொச்சியில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. போர்த்துகீசியர் 1503இல் அங்கே கோட்டை கட்டினர், 1663இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தனர், 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அரபு வணிகர்களுக்கும் அங்கே நெடுங்காலப் போக்குவரத்து உண்டு. வந்தவர்கள் யார் என்று தெரிந்தால் சொற்களின் பிறப்பிடமும் தெரிந்துவிடும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது. இதற்குள் மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. மூன்றுமே சோதனையில் நிற்பதில்லை.

முதல் கூற்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு மூலமொழிதான் என்பது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கொண்டுவரும் மீன் விற்பனையாவது 'லேலம்' மூலம். தமிழில் இதுவே ஏலம். இது போர்த்துகீசியரின் 'லெய்லாவ்ன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சொல்முதலில் லகரம் நிற்பதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை, ஆகவே தமிழில் அது உதிர்ந்தது. மலையாளம் அதை வைத்துக்கொண்டது. ஆனால் லெய்லாவ்னும் போர்த்துகீசியரின் சொந்தச் சொல் அன்று. ஐபீரியாவை அரபியர் ஆண்ட காலத்தில் 'அறிவித்தல்' என்ற பொருளுடைய 'அல்-இஃலாம்' அங்கே புகுந்து இந்த வடிவம் பெற்றது. ஏலம் போடுகிறவன் விலையைக் கூவி அறிவிப்பவன்தானே. இப்போது லேலத்தை எங்கே வைப்பது? அரபுத் தலைப்பின்கீழ் வைத்தால் கொச்சிக்கு வந்த அரபு வணிகர்கள் தந்த சொல் என்று படிப்பவர் நினைப்பார், அது தவறு. போர்த்துகீசியத்தின்கீழ் வைத்தால் வந்த வழி சரி, வேர் மறைந்துவிடும். ஏலக்காயைக் குறிக்கும் ஏலத்துக்கும் இதற்கும் உறவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவது அகரவரிசைப் பட்டியல்களில் எளிதில் நேரும் பிழை.

இஞ்சியின் கதை இன்னும் சிக்கலானது. இலத்தீனில் 'சிஞ்சிபர்', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர', சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர' என்று பின்னோக்கிப் போய், சமஸ்கிருதத்தோடு நின்றுவிடும் பட்டியல்கள் பல. 'ச்ருங்கம்' என்றால் கொம்பு, கிழங்கு கொம்புபோல் கிளைத்திருக்கிறது என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லின் பின்பாதியான 'வேர்' தென்னாட்டுச் சொல் என்பதும், முன்பாதி இஞ்சியே என்பதும் மொழியியலாளர் பலரும் ஏற்ற முடிவு. கொம்பு விளக்கம் பின்னால் ஒட்டவைத்தது. தென்மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கோடு அதன் பெயரும் வெளியே போயிற்று. போர்த்துகீசியர் 'ஜெஞ்சிப்ரெ' என்று சொல்லிக்கொண்டு கொச்சியில் வந்து வாங்கியது, அந்தப் பெயர் பிறந்த மண்ணின் சரக்கைத்தான்.

இரண்டாம் கூற்று, இறுதி வேரைக் கண்டுபிடிப்பதே முக்கியம், இடைவழி எதுவானாலும் சரி என்பது. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றையும் 'இலத்தீன் சொற்கள்' என்று போடுவது இந்த நினைப்பின் விளைவு. சாவியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இலத்தீனில் அது 'க்ளாவிஸ்'. அந்த வடிவத்திலிருந்து நேரே வந்திருந்தால் தமிழில் ககரம்தான் முதலில் நிற்கும், சகரம் வந்ததற்கு விளக்கமே கிடைக்காது. இலத்தீனின் 'க்ள' போர்த்துகீசியத்தில் பல சொற்களில் 'ச்ச' ஆக மாறியது. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் அதை 'ச்சாவெ' என்று அழுத்தியே ஒலித்தனர். இன்று லிஸ்பனில் அது 'ஷாவ்' போலத் தேய்ந்துவிட்டது. ஆகச் சாவியின் முதலெழுத்து, எந்த மொழியார் கொடுத்தார்கள் என்பதோடு அது பழைய ஒலிப்பில் வந்தது என்பதையும் காட்டுகிறது. 'இலத்தீன்' என்று மட்டும் குறித்தால் இந்தச் சான்று முழுவதும் வீணாகும்.

மூன்றாம் கூற்றுதான் கொச்சியில் மிகுதியும் நம்பப்படுவது: அரபுச் சொல் என்றால் அரபியர் கடல்வழியே தந்தது என்பது. இதைச் சோதிக்க ஒரே ஓர் அரபு எழுத்து போதும். அது 'ளாத்'. அரபியரின் நாக்கில் தனித்தன்மையுள்ள இந்த ஒலியைப் பாரசீகர் 'ஸ' போல, அதுவும் குரலோடு கூடிய 'ஸ்' ஒலியாக, மாற்றிவிட்டனர், உருதுவிலும் அப்படியே. அந்த ஒலி தமிழிலும் மலையாளத்திலும் ஜகரமாகவோ சகரமாகவோ விழும். மாறாக, அரபியரிடமே ஓதக் கற்ற தென்கரை முஸ்லிம்கள் இதை ளகரமாக வாங்கினர். நோன்பு மாதத்துக்கு இரண்டு பெயர் வழங்குவதன் காரணம் இதுதான். ரமளான் கடல்வழி வந்த ஒலிப்பு, ரம்ஜான் பாரசீகம், உருது வழியே தரைமார்க்கமாக வந்தது. மாப்பிளமார், உருது பேசுவோர், கச்சி மேமன்கள் என்று பலரும் அருகருகே வாழும் மட்டாஞ்சேரியில் இரண்டையும் கேட்கலாம்.

இந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகச் சொற்களைப் பார்த்தால் முடிவு தெளிவாகிவிடும். ஜில்லா, ஆஜர் (மலையாளத்தில் ஹாஜர்) இரண்டிலும் அரபு மூலத்தில் இருப்பது அதே ளாத். இரண்டிலும் அது ஜகரமாகவே வந்திருக்கிறது. கடல்வழி வந்திருந்தால் ளகரம் எதிர்பார்க்கப்படும். ஆகவே இவை துறைமுக வணிகர் தந்தவை அல்ல. முகலாயர், தக்காண சுல்தான்கள் ஆகியோரின் பாரசீக நிர்வாகத்தில் பழகி, ஆங்கிலேயர் கச்சேரிகள் வழியே தெற்கே பரவியவை. வக்கீலுக்கும் அதே கச்சேரி வழியைத்தான் எதிர்பார்க்கவேண்டும். ஆனால் அதில் ளாத் இல்லாததால் இந்தச் சோதனை அங்கே உதவாது. ஒரு சோதனை எங்கே நின்றுபோகிறது என்பதையும் பட்டியலில் குறிப்பது நேர்மை.

ஒலி ஒப்புமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மேசை சான்று. இந்தியில் 'மேஸ்' என்று கேட்டதும் தமிழ் மேசையையும் அதோடு சேர்த்துவிடத் தோன்றும். இந்திச் சொல் பாரசீகத்திலிருந்து வந்ததாகவே அகராதிகள் பலவும் காட்டுகின்றன. தமிழ் மேசையும் மலையாள மேசயும் போர்த்துகீசிய 'மேசா'விலிருந்து வந்தவை, ஈற்றுயிரே அதைக் காட்டிக்கொடுக்கிறது. தோற்றத்தில் ஒன்று, வரவில் வேறு.

பழைய இலக்கணத்தார் இந்த வேலையைக் கவனமாகவே செய்திருக்கிறார்கள். வடசொல்லைத் தற்சமம், தற்பவம் என்று பிரித்தபோது, எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்து எவ்வளவு மாறியது என்றும் கேட்டார்கள். இன்றைய பட்டியலுக்கு அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் வேண்டும்: கடைசியாகக் கைமாற்றிக் கொடுத்த மொழி எது? கொடுத்த மொழிக்கு ஒரு பத்தி, தொலைவேருக்கு ஒரு பத்தி, இரண்டையும் தாங்கும் ஒலிச்சான்றுக்கு ஒரு பத்தி என்று இருந்தால் லேலத்துக்கும் சாவிக்கும் ஆஜருக்கும் குழப்பமில்லாமல் இடம் கிடைக்கும்.

எல்லாச் சொல்லும் அதிலும் அடங்காது. நாற்காலிக்கு மலையாளத்தில் வழங்கும் 'கசேர'யைப் போர்த்துகீசிய 'காதெய்ரா'வோடு சேர்ப்போரும் உண்டு, அரபு 'குர்சீ'யோடு சேர்ப்போரும் உண்டு. இலங்கைத் தமிழின் கதிரை போர்த்துகீசியம் என்பதில் ஐயமில்லை, அதில் தகரம் அப்படியே இருக்கிறது. கசேரயில் இடையுயிர் போர்த்துகீசியத்துக்குச் சாதகம், சகரம் பாதகம். அரபுக்கு அது தலைகீழ். வேறு சான்று கிடைக்கும்வரை அந்தச் சொல்லின் எதிரே 'துணியப்படவில்லை' என்று எழுதுவதே சரியான பதிவு.