15 ரிங்கிட் வரவு, 21 ரிங்கிட் செலவு

மாதச் செலவுக்கு கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா என்று நேயர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோல், மளிகை, கைப்பேசிக் கட்டணம் என மாதம் 1,500 ரிங்கிட் கிரெடிட் கார்டில் போகிறது. கார்டு 1 விழுக்காட்டைத் திருப்பித் தந்தால் மாதம் 15 ரிங்கிட், ஆண்டுக்கு 180. சேவை வரி 25 ரிங்கிட் போக 155 மிஞ்சும். ஆண்டுக் கட்டணம் இருந்தால் இன்னும் குறையும்.

இதெல்லாம் பில்லை முழுதாகக் கட்டுபவருக்குத்தான். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 75 ரிங்கிட் மட்டும் கட்டினால் 1,425 பாக்கி. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 21 ரிங்கிட் போய்விடும். ஒழுங்காகக் கட்டிவருபவருக்கான 15 விழுக்காட்டிலும் 18 ரிங்கிட்டை நெருங்கும். அதோடு 20 நாள் வட்டியில்லாத சலுகையும் கைநழுவும். அடுத்து வாங்கும் அரிசிக்கும் பாலுக்கும், தொகை கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கடைசி மூன்று பில்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றிலாவது பாக்கி நின்றிருந்தால், அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டுதான் என்பேன். இருக்கும் பணத்துக்கு மேல் அது போகாது; ஆண்டுக் கட்டணமும் பல வங்கிகளில் 8 ரிங்கிட்தான்.

ஒரே எரிச்சல் பெட்ரோல் பம்பில். அங்கேயே கார்டைச் செருகினால், 40 ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றினாலும் 200 ரிங்கிட் சில நாள் முடங்கலாம். மாதக் கடைசியில் இது வயிற்றைக் கலக்கும். உள்ளே கவுண்டரில் தொகையைச் சொல்லிக் கட்டிவிடுங்கள்.